அப்பா அனுப்பிய போட்டோவை வைத்து பைப் ஃபிட்டிங் வாங்குவது

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். வீடு பாலக்கோடு பக்கம் கிராமத்தில். போரிலிருந்து மேல் டேங்குக்குப் போகும் லைனில் ஒரு டீ உடைந்துவிட்டது. அப்பா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "ஒரு இஞ்ச் டீ வாங்கிட்டு வாப்பா" என்றார். வாங்கிப் போனேன், பைப்பில் மாட்டினால் லூசாக ஆடுகிறது. கடையில் கேட்டால் "எந்த ஒரு இஞ்ச்?" என்கிறார்கள். அப்பா அனுப்பிய படத்தை இதோடு சேர்த்திருக்கிறேன். போட்டோவைப் பார்த்தே சைஸும் ஜாயின்ட் வகையும் கண்டுபிடிக்க வழி உண்டா? மாடி ஏசியின் செம்புக் குழாய்க்கு ஒரு நட்டும் வேண்டும். அதுவும் இதே கணக்குதானா?

பதில்:

உங்கள் வீட்டில் இருப்பது சாம்பல் நிற விவசாய பைப்பு, நீங்கள் வாங்கிப் போனது வெள்ளை நிற டீ. போட்டோவைப் பார்ப்பதற்கு முன்பே "லூசாக ஆடுகிறது" என்ற வார்த்தையிலேயே இதைப் பாதி ஊகிக்க முடிகிறது. ஏன் என்று சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் அடுத்த தடவை போட்டோவில் எதைத் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக் கடைகளில் "ஒரு இஞ்ச்" என்று மூன்று பிளாஸ்டிக் பைப்புகள் விற்கின்றன. மூன்றின் வெளிவிட்டமும் வேறு. தோட்டத்துக்கும் போர் லைனுக்கும் போடுகிற சாம்பல் பிவிசி பைப்பில் ஒரு இஞ்ச் என்றால் 32 எம்எம். வீட்டு பிளம்பிங்குக்கு வருகிற வெள்ளை யூபிவிசியில் அதே ஒரு இஞ்ச் 33.4 எம்எம். சோலார் ஹீட்டர், வெந்நீர் லைனுக்குப் போடுகிற சந்தன நிற சிபிவிசியில் 28.6 எம்எம். ஃபிட்டிங்கின் வாய் அந்தந்த பைப்பின் வெளிவிட்டத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. அதனால் 32 எம்எம் பைப்பை 33.4 எம்எம் வாய்க்குள் விட்டால் ஒன்றரை எம்எம் போல இடைவெளி விழும், ஆடும். 32 எம்எம் பைப்பு சிபிவிசி ஃபிட்டிங்குக்குள் நுழையவே நுழையாது. வெள்ளை பைப்பு சாம்பல் ஃபிட்டிங்குக்குள்ளும் நுழையாது. ஆக, "ஆடுகிறது" என்றால் பெரும்பாலும் சாம்பல் பைப்பு, வெள்ளை ஃபிட்டிங். சிபிவிசி பைப்பில் சாம்பல் டீயை மாட்டியிருந்தால் மூன்றரை எம்எம் இடைவெளி. அது ஆடாது, கையை எடுத்தால் கழன்றே விழும்.

இதில் இன்னொரு சிக்கல், ஃபிட்டிங் மேல் அச்சாகியிருக்கும் எண். சாம்பல் பைப்பில் எழுதியிருப்பது உண்மையான வெளிவிட்டம். 25 என்றால் வெளியே அளந்தால் 25 எம்எம்தான், அது முக்கால் இஞ்ச் பைப்பு. வெள்ளையிலும் சிபிவிசியிலும் 25 என்று எழுதியிருந்தால் அது பெயரளவு சைஸ், அதாவது ஒரு இஞ்ச். வெளியே அளந்தால் வெள்ளை 33.4, சிபிவிசி 28.6. ஒரே "25" மூன்று இடத்தில் மூன்று அளவு. "ஃபிட்டிங்கில் 25 என்றுதானே போட்டிருக்கிறது" என்று அப்பா போனில் படித்துச் சொன்னாலும், எந்த வகை பைப்பு என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். கடைக்காரர் "எந்த ஒரு இஞ்ச்?" என்று கேட்டது சரியான கேள்வி. சிலர் அதுகூடக் கேட்காமல் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே போட்டோவில் முதலில் தேட வேண்டியது சைஸ் அல்ல, வகை. நிறத்தை வைத்துச் சொல்லலாம், ஆனால் வெயிலில் கிடந்த பைப்பில் நிறம் ஏமாற்றும். நம் மாவட்டத்து வெயிலில் மொட்டை மாடியில் நாலைந்து வருஷம் கிடந்தால் சாம்பல் பைப்பு வெளுத்துப் பொடி பூத்து வெள்ளை மாதிரி தெரியும். வெள்ளை பைப்பு மஞ்சள் ஏறி சிபிவிசி மாதிரி தெரியும். போனின் கேமராவும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். அதனால் வெயில் படாத இடத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். சுவரை ஒட்டிய பக்கம், கிளாம்ப்புக்கு அடியில், இல்லாவிட்டால் உடைந்த வாயின் உள்புறம். அங்கே அசல் நிறம் இருக்கும்.

நிறத்தைவிட நம்பகமானது பைப்பின் நீளவாக்கில் ஓடும் அச்சு எழுத்து. சாம்பல் பைப்பில் ஐ.எஸ். 4985 என்ற தர எண்ணும், சைஸும், 4 அல்லது 6 அல்லது 10 கிலோ என்ற அழுத்த வகுப்பும் வரும். வெள்ளை பிளம்பிங் பைப்பில் ஏ.எஸ்.டி.எம். டி 1785 என்றும் ஷெட்யூல் 40 அல்லது 80 என்றும் இருக்கும். சிபிவிசியில் ஐ.எஸ். 15778, எஸ்.டி.ஆர். 11 அல்லது 13.5. இந்த மூன்றில் ஒன்று படிக்கக் கிடைத்துவிட்டால் வகை பற்றிய சந்தேகம் தீர்ந்தது. எழுத்து மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். மை அழிந்திருந்தாலும் அதன் தடம் சில சமயம் நிழலில் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சின்ன எழுத்து கலங்கிப் போகும். மேலே இருக்கும் HD பொத்தானைத் தட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது சைஸ். வெறும் போட்டோவில் சைஸ் தெரியவே தெரியாது, அரை இஞ்ச் டீயும் ரெண்டு இஞ்ச் டீயும் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அதற்குப் பத்து ரூபாய் நாணயம் நல்லது. அதன் விட்டம் 27 எம்எம், எந்த வருஷத்துப் பத்து ரூபாயாக இருந்தாலும் அதே அளவு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள் வெளியீட்டுக்கு வெளியீடு அளவு மாறியவை, அவை வேண்டாம்.

நாணயத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நாணயத்தைத் தரையில் போட்டுப் படமெடுப்பார்கள். கேமராவிலிருந்து பைப்பு 30 சென்டிமீட்டரிலும் நாணயம் 33 சென்டிமீட்டரிலும் இருந்தால், நாணயம் பத்தில் ஒரு பங்கு சின்னதாகத் தெரியும், அதை வைத்துக் கணக்கிட்டால் 32 எம்எம் பைப்பு 35 என்று வரும். நாம் பிரித்துப் பார்க்க வேண்டிய 32-க்கும் 33.4-க்கும் இடையே வித்தியாசமே நூற்றுக்கு நாலரைக்குள். ஆகவே நாணயமும் பைப்பின் வெட்டு முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வெட்டு முகத்துக்கு ஒட்டினாற்போல நாணயத்தைப் பிடித்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, கேமராவில் 2x வைத்து, நேர் எதிரே இருந்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போனில் படத்தைப் பெரிதாக்கி, நாணயம் திரையில் சரியாக 54 எம்எம் வரும்வரை இழுங்கள், ஸ்கேலை வைத்துப் பார்த்தபடியே. இப்போது படம் சரியாக இரண்டு மடங்கு. பைப்பின் வெளிவட்டம் திரையில் 64 வந்தால் 32 எம்எம், 67 வந்தால் வெள்ளை ஒரு இஞ்ச், 57 வந்தால் சிபிவிசி ஒரு இஞ்ச்.

64-ஆ 67-ஆ என்பதில் எனக்கே போட்டோவை நம்பிக் காசு கொடுக்க மனம் வராது. சிபிவிசியா இல்லையா, முக்காலா ஒண்ணா என்பதைப் போட்டோ தீர்க்கும். அதற்கு மேல் பிரிக்க ஒரு காகிதத் துண்டு போதும். பழைய நோட்டுப் பேப்பரில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, பைப்பைச் சுற்றி இறுக்கமாக ஒரு சுற்று சுற்றி, காகிதம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பேனாவால் இரண்டு தாளிலும் படும்படி ஒரு கோடு போட வேண்டும். பிரித்து ஸ்கேல் மேல் வைத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை எம்எம் என்று பார்க்க வேண்டும். அது சுற்றளவு. விட்டத்தைப் போல மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல். விட்டத்தில் ஒன்றரை எம்எம் வித்தியாசம் சுற்றளவில் நாலரை எம்எம்மாகப் பெரிதாகிவிடும், அதைச் சாதாரணப் பள்ளிக்கூட ஸ்கேலிலேயே படிக்கலாம். நூலும் ஆகும், ஆனால் நூல் இழுத்தால் நீளும். காகிதம் சாய்வாகச் சுற்றிவிடக் கூடாது, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்கார வேண்டும். ஸ்கேல் மேல் காகிதம் இருப்பதையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பா பேனாக் கோட்டை 10 சென்டிமீட்டர் என்று சொல்கிறாரா, பத்தரை என்று சொல்கிறாரா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வேண்டிய மூன்று சைஸின் சுற்றளவு இது, எம்எம் கணக்கில்:

அரை இஞ்ச்: சாம்பல் 63, வெள்ளை 67, சிபிவிசி 50
முக்கால் இஞ்ச்: சாம்பல் 78 முதல் 79, வெள்ளை 84, சிபிவிசி 70
ஒரு இஞ்ச்: சாம்பல் 100 முதல் 101, வெள்ளை 105, சிபிவிசி 90

பெரிய சைஸில் ஒரு வேடிக்கை உண்டு. ஒண்ணே கால் இஞ்ச் வரை வெள்ளை பைப்புதான் சாம்பலைவிடப் பெரிது. ஒண்ணரை இஞ்சில் அது தலைகீழாகிவிடும்: சாம்பல் 50, வெள்ளை 48.3. ரெண்டு இஞ்சில் சாம்பல் 63, வெள்ளை 60.3. தோட்டத்து மெயின் லைனில் வெள்ளை டீயை மாட்டப் பார்த்தால் இப்போது உள்ளேயே போகாது. அதனால் "வெள்ளை என்றால் லூஸ்" என்று மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

எப்போதும் பைப்பின் வெளிப்புறத்தைத்தான் சுற்ற வேண்டும். உள்விட்டத்தை அளந்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அது எதற்கும் உதவாது. 6 கிலோ பைப்புக்கும் 10 கிலோ பைப்புக்கும் வெளிவிட்டம் ஒன்று, சுவர்த் தடிமன்தான் வேறு. ஷெட்யூல் 40-க்கும் 80-க்கும் அப்படியே. போதாததற்கு நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு படிந்து உள்வாய் வேறு சுருங்கியிருக்கும். அதேபோல ஃபிட்டிங்கின் மேல்புறத்தைச் சுற்றி அளப்பதும் தவறு. பைப்பின் மேல் உட்காரும் வாய்க்கு இரண்டு பக்கமும் தடிமன் இருக்கிறது. 32 எம்எம் டீயின் உடம்பை அளந்தால் ஒண்ணே கால் இஞ்ச் என்று தோன்றிவிடும்.

ஜாயின்ட் வகைக்கு வருவோம். இதைப் போட்டோவிலேயே தெளிவாகப் பார்க்கலாம், வாயைக் காட்டும்படி எடுத்தால் போதும். வாயின் உள்சுவர் வழவழவென்று இருந்தால் சொல்யூஷன் போட்டு ஒட்டுவது. உள்ளே கொஞ்சம் தள்ளி ஒரு படி போலத் தெரியும், பைப்பு அங்கே முட்டி நிற்கும். வாய் ஓரம் வளையம் போலப் புடைத்து, உள்ளே கருப்பு ரப்பர் தெரிந்தால் ரிங் ஜாயின்ட். பெரிய சைஸ் பைப்பிலும் கழிவுநீர் லைனிலும்தான் அது வரும், ஒட்ட வேண்டாம். மரை தெரிந்தால், அது வெளிமரையா உள்மரையா, பிளாஸ்டிக்கிலேயே வெட்டியதா இல்லை பித்தளை வளையம் பதித்ததா என்று பாருங்கள். கடையில் வெளிமரை வைத்ததை எம்டிஏ, உள்மரை வைத்ததை எஃப்டிஏ என்பார்கள். பித்தளை பதித்தது என்றால் "பிராஸ்" என்று முன்னால் சேர்த்துக் கேட்க வேண்டும். கருப்பு உடம்பும் கையால் திருகும் பெரிய மூடி நட்டும் இருந்தால் அது கருப்பு எச்டிபிஇ பைப்புக்கான கம்ப்ரஷன் ஃபிட்டிங். எச்டிபிஇயும் வெளிவிட்டக் கணக்குதான், 32 என்றால் 32. ஆனால் அதில் சொல்யூஷன் பிடிக்காது. அளவு ஒத்துப்போகிறதே என்று சாம்பல் டீயை வாங்கி ஒட்டினால் கையோடு வந்துவிடும்.

மரையின் அளவிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. அரை இஞ்ச் மரையின் வெளிவிட்டத்தை அளந்தால் அரை இஞ்ச், அதாவது 12.7 எம்எம் வராது, 21 வரும். முக்கால் மரை 26.4, ஒரு இஞ்ச் மரை 33.2. முக்கால் வெளிமரையின் நுனியில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். நாணயம் இல்லாத போட்டோ வந்தாலும் மரை நெருக்கத்தை வைத்து ஓரளவு சொல்லலாம்: அரையிலும் முக்காலிலும் ஒரு இஞ்ச் நீளத்துக்கு 14 மரை, ஒரு இஞ்சிலிருந்து மேலே 11 மரை. படத்தில் மரை அகலமாக, தடிமனாகத் தெரிந்தால் ஒரு இஞ்சுக்குக் கீழே இருக்காது.

சரி, உங்கள் வீட்டு டீ. நீங்கள் சேர்த்திருக்கும் படத்தில் டீ மேல்புறம் வெளுத்திருக்கிறது, உடைந்த இடத்தில் சாம்பல் தெரிகிறது. பைப்பு இரண்டு பக்கமும் வழவழப்பான வாய்க்குள் போகிறது, சொல்யூஷன் ஜாயின்ட். கிளை வாயில் மஞ்சளாக மின்னுவது பித்தளை உள்மரை, அதில்தான் வாசல் குழாயின் டேப் மாட்டியிருந்திருக்கும். சாதாரணத் தண்ணீர் டேப்பின் மரை அரை இஞ்ச். பைப்பைச் சுற்றிக் காகிதம் வைத்து அளந்து 100 அல்லது 101 வந்தால் நீங்கள் கேட்க வேண்டியது: "32 எம்எம்முக்கு அரை இஞ்ச் பிராஸ் டீ, விவசாய பைப்புக்கு, 10 கிலோ." டேப்பையும் கழற்றி எடுத்துவரச் சொன்னால் கடையிலேயே மரையைப் போட்டுப் பார்த்துவிடலாம். டேப்பின் உடம்பில் 15 என்று அச்சிருந்தால் அரை இஞ்ச், 20 என்றால் முக்கால்.

படத்தில் விரிசல் எங்கே என்பதையும் கவனித்தேன். கிளை வாயின் ஓரத்தில் தொடங்கி நீளவாக்கில் உடம்புக்குள் ஓடியிருக்கிறது. தண்ணீர் அழுத்தத்தால் வெடித்த விரிசல் பொதுவாக இப்படி மரை வாயில் தொடங்காது. குழாய் டேப்பின் மரையில் டெஃப்லான் நாடாவை நிறையச் சுற்றி, பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் வருவது இது. பித்தளை உள்ளே இருந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விரிந்து நாளாவட்டத்தில் பிளக்கும். புதியதில் டேப்பைக் கையால் திருகி நின்றதும் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒண்ணரை சுற்று, அத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. டீயை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் வேலை முடியாது. ஒட்டிய டீ கழலாது, இரண்டு பக்கமும் பைப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்தபின் நடுவில் டீயின் நீளத்தைவிடப் பெரிய வெற்றிடம் விழும். அதனால் அரை மீட்டர் 32 எம்எம் பைப்பும் இரண்டு கப்ளரும் சேர்த்து வாங்குங்கள். டீயின் இரு வாயிலும் துண்டு பைப்பு ஒட்டி, அந்தத் துண்டுகளைக் கப்ளரால் பழைய லைனோடு சேர்க்க வேண்டும். லைன் சுவரோரம் வெளியே போகிறது என்றால் கிளாம்ப்பைக் கழற்றி பைப்பைக் கொஞ்சம் வளைத்துக் கடைசி ஜாயின்டை உள்ளே விடலாம். சிமென்ட் போட்டு மூடியிருந்தாலோ மண்ணுக்குள் இருந்தாலோ பைப்பு அசையாது, சாதாரணக் கப்ளருக்குள் நடுவில் தடுப்பு இருப்பதால் தள்ளிவிட்டு இழுக்கவும் முடியாது. அப்போது ஒரு பக்கக் கப்ளருக்குப் பதில் 32 எம்எம் யூனியன் வாங்கிவிடுங்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அடுத்த தடவை அறுக்காமலே கழற்றலாம். இதற்காகத்தான் போட்டோ கேட்கும்போது டீயை மட்டும் இல்லாமல் இரண்டு எட்டு தள்ளி நின்று முழு லைனையும் ஒரு படம் கேட்க வேண்டும். என்னென்ன வாங்குவது என்பது அந்தப் படத்தில்தான் தெரியும்.

ஒட்டுவதற்கு முன் சொல்யூஷன் இல்லாமல் பைப்பை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். சுலபமாக உள்ளே போய், ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் இரண்டு பங்குக்கும் நடுவில் எங்காவது இறுகி நிற்க வேண்டும். வாய் உள்ளே போகப் போகக் கொஞ்சம் குறுகும்படிதான் செய்திருப்பார்கள். கடைசிவரை தடையில்லாமல் போய் ஆடினால் வேறு வகை ஃபிட்டிங் என்று அர்த்தம். "சொல்யூஷன் நிறைய ஊத்தினா புடிச்சிக்கும்" என்று சொல்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. சொல்யூஷன் இடைவெளியை அடைக்கிற பசை இல்லை. அது இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றோடொன்று உருக வைப்பது. பரப்புகள் தொட்டுக்கொண்டால்தான் அது நடக்கும். ஒன்றரை எம்எம் இடைவெளியில் ஊற்றினால் மேலே தோல் போல் காய்ந்து, மோட்டார் போட்ட வேகத்தில் ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். சிபிவிசி லைனுக்கு அதற்கென்றே விற்கிற சொல்யூஷன்தான் வேண்டும். சாம்பல் பைப்பையும் சிபிவிசியையும் சேர்க்க வேண்டி வந்தால் ஒட்டாமல், ஒரு பக்கம் பிராஸ் எம்டிஏ, மறுபக்கம் பிராஸ் எஃப்டிஏ வைத்து மரையில் சேருங்கள்.

நீங்கள் வாங்கிய வெள்ளை டீயில் சொல்யூஷன் படாமல் இருந்தால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். கடைக்குப் போகும்போது உடைந்த டீயையே, இரண்டு பக்கமும் ஒரு சாண் பைப்போடு அறுத்து எடுத்துக்கொண்டு போக முடிந்தால், இவ்வளவு அளவும் தேவையில்லை. ஓசூரிலிருந்து வாங்கிப் போகிறீர்கள் என்பதால்தான் இத்தனை சொன்னேன். அந்தத் துண்டை பாலக்கோட்டில் கடையில் காட்டி அப்பாவே வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. விவசாய ஃபிட்டிங் ஓசூரைவிட அங்கே சுலபமாகக் கிடைக்கும்.

ஏசிக் குழாய் வேறு கணக்கு, ஆனால் எளிது. ஏசிக்கு வரும் செம்புக் குழாயில் சொல்லும் சைஸ்தான் உண்மையான வெளிவிட்டம்: கால் இஞ்ச் என்றால் 6.35 எம்எம், எட்டில் மூன்று பங்கான மூன்றெட்டு இஞ்ச் 9.5, அரை இஞ்ச் 12.7, ஐந்தெட்டு 15.9. குளிர் வாயு மெல்லிய குழாயில் திரவமாகவும் தடித்த குழாயில் வாயுவாகவும் போவதால் ஒரு யூனிட்டுக்கு இரண்டு சைஸ் இருக்கும், நட்டும் இரண்டு சைஸ். வெளியில் இருக்கும் யூனிட்டில் ஒட்டிய பெயர்ப்பலகையையோ நிறுவல் கையேட்டையோ படமெடுக்கச் சொன்னால் இரண்டு சைஸும் அதிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மேலே சொன்ன காகிதச் சுற்று முறையில் ரப்பர் உறையை விலக்கி வெறும் செம்பில் அளக்கலாம்: கால் இஞ்சுக்கு 20 எம்எம், மூன்றெட்டுக்கு 30, அரைக்கு 40, ஐந்தெட்டுக்கு 50. பத்துப் பத்தாக ஏறுவதால் குழப்பமே வராது.

ஜாயின்டைப் பாருங்கள். நட்டுக்கு உள்ளே குழாயின் நுனி புனல் போல விரிந்திருந்தால் ஃபிளேர் ஜாயின்ட், கடையில் "ஃபிளேர் நட்டு" என்று குழாய் சைஸோடு கேளுங்கள். நட்டே இல்லாமல் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஓரத்தில் வெள்ளி அல்லது செம்பு நிறத்தில் உருகிய வரி தெரிந்தால் அது பற்றவைத்தது, அதற்கு நட்டு கிடையாது. ஃபிளேர் நட்டு உடைந்திருந்தால் நட்டு மட்டும் மாற்றினால் தீராது. குழாய் நுனியில் இருக்கும் விரிவைத் தாண்டி நட்டு வெளியே வராது, நுனியை வெட்டி, புது நட்டைக் கோத்து, மறுபடி விரிக்க வேண்டும். அதற்கு முன் வாயுவை யூனிட்டுக்குள் இறக்கிப் பூட்ட வேண்டும். இது ஏசி மெக்கானிக் வேலை. நட்டை நீங்கள் வாங்கி வைத்திருந்தால் அவர் வருவதற்குள் சைஸ் தேடும் அலைச்சல் மிச்சம், அவ்வளவுதான். தண்ணீர் பைப்புக்குப் போடுகிற பித்தளை நட்டை சைஸ் ஒத்துப்போகிறதே என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் மரையும் உள்சாய்வும் வேறு.